போனின் முதுகில் ஒரு குளிரூட்டி

கேமிங் போன்களுக்கான கிளிப் கூலர் என்பது போனின் பின்புறத்தைக் கவ்விக்கொண்டு அதைக் குளிர்விக்கும் சிறு கருவி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, போனின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் கவ்வி, மின்சாரத்துக்கு ஒரு டைப்-சி ஒயர், உள்ளே வேகமாகச் சுழலும் விசிறி. வெளியே தெரிவது இவ்வளவுதான். கவ்விக்குப் பதில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை விற்கும் இந்தக் கருவிகளில் அடிப்படையில் இரண்டே இனம். ஒன்று வெறும் விசிறி. மற்றொன்று, விசிறியோடு பெல்டியே தட்டு என்ற மின்குளிர் தட்டும் சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் வாங்குபவர்கள் குழம்புவது வழக்கம். ஆனால் வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

2018-இல் ஏசஸ் நிறுவனத்தின் முதல் ஆர்ஓஜி போனோடு ஏரோஆக்டிவ் கூலர் என்ற பெயரில் ஒரு கிளிப் விசிறி வந்தது. 2022-இல் ஆர்ஓஜி போன் 6-க்காக வந்த கூலரில் பெல்டியே தட்டு சேர்ந்தது. அதே ஆண்டில் ரேஸர் நிறுவனமும் பெல்டியே கூலர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூபியாவின் ரெட்மேஜிக் போன்கள் 2019-இலேயே விசிறியைப் போனுக்குள்ளேயே வைத்துவிட்டன. இப்போது எந்தப் போனிலும் மாட்டக்கூடிய பொதுவான கூலர்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஆட்டம் தொடங்கும்போது இருக்கும் வேகத்தை ஒரு மணி நேரம் கழித்தும் இவை காப்பாற்றித் தருமா என்பதுதான் கேள்வி.

போன் ஏன் மெதுவாகிறது

பிஜிஎம்ஐ, கென்ஷின் இம்பாக்ட் போன்ற ஆட்டங்களைத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் திரை வழுக்கிக்கொண்டு ஓடும். அதன்பின் போனின் மேல்பாதி சூடேறும். இருபதாவது நிமிடத்தில் எதிரியைக் குறிவைக்கும் நேரத்தில் திரை ஒரு கணம் தடுமாறும். திரையின் வெளிச்சம்கூடத் தானாகக் குறையும். இதையெல்லாம் செய்வது பழுதான சிப் அல்ல. போனின் மென்பொருள் வேண்டுமென்றே எடுக்கும் முடிவு இது.

சிப் தாங்கும் வெப்பம் மிக அதிகம். அதன் உட்பகுதி 90 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் உடனே கெட்டுவிடாது. அந்த வெப்பத்தைத் தாங்க முடியாதவை இரண்டு: போனைப் பிடித்திருக்கும் கை, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி. அதனால் போனின் மின்பலகையில் ஆங்காங்கே சிறு வெப்ப உணரிகள் வைக்கப்பட்டிருக்கும். அவை காட்டும் அளவுகளிலிருந்து வெளித்தோலின் வெப்பநிலையை மென்பொருள் கணித்துக்கொண்டே இருக்கும். அது நாற்பதுகளின் தொடக்கத்தில் உள்ள ஓர் எல்லையைத் தாண்டியதும் சிப்பின் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் படிப்படியாக இறக்கும். ஆடுபவருக்கு அது லேக் என்று தெரிகிறது.

ஆகவே நீண்ட ஆட்டத்தில் பெரும்பாலான போன்களின் வேகத்தைத் தீர்மானிப்பது சிப்பின் திறமை அல்ல. போனின் தோல் எவ்வளவு வெப்பத்தைக் காற்றில் விட முடியும் என்பதுதான் தீர்மானிக்கிறது. விலை உயர்ந்த சிப் வாங்கியும் அரைமணி நேரத்தில் ஏமாற்றமடைவது இதனால்தான்.

ஒரு கணக்கு

16 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. அகலமும் உள்ள ஒரு போனுக்கு முன்னும் பின்னுமாக 240 சதுர செ.மீ. பரப்பு உண்டு. அசைவில்லாத காற்றில் உள்ள ஒரு பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறதோ அந்த ஒவ்வொரு டிகிரிக்கும், சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியே விடும். இந்தப் போனின் அளவுக்கு அது டிகிரிக்கு 0.24 வாட். அறையின் வெப்பநிலை 32 டிகிரி, தோலின் எல்லை 44 டிகிரி என்றால் இடையே இருப்பது 12 டிகிரி. 12-ஐ 0.24-ஆல் பெருக்கினால் 2.9 வாட். அந்த அறையில் அந்தப் போன் ஓய்வின்றி வெளியேற்றக்கூடிய மொத்த வெப்பம் அவ்வளவுதான்.

அதிலும் திரைக்கும் இணையத் தொடர்புக்கும் மற்றவற்றுக்குமாக 1.2 வாட் போய்விட்டால், ஆட்டத்தை ஓட்டும் சிப்புக்கு மிஞ்சுவது 1.7 வாட். முழு வேகத்தில் அதே சிப் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு கேட்கும். முதல் சில நிமிடங்கள் அது கேட்டது கிடைக்கும். ஏனென்றால் அப்போது வெப்பமெல்லாம் போனின் உடலைச் சூடாக்குவதிலேயே செலவாகிறது. உடல் சூடேறி முடிந்ததும் கணக்கு கறாராகிவிடும்.

இது தோராயமான கணக்குதான். பிடித்திருக்கும் கையும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். போனின் தோல் எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இருக்காது. ஆனாலும் கூலரின் பலனை மதிப்பிட இந்தக் கணக்கே போதுமான அடிப்படை.

இன்னொரு விதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். சிப் எடுக்கும் மின்திறன், அதன் வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து உயரும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் உயர் வேகங்களில், திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு திறன் தேவைப்படும். இதையே திருப்பிப் பார்த்தால், கூலர் எவ்வளவோ வெப்பத்தை உறிஞ்சி சிப்புக்கு இரண்டு மடங்கு திறன் கிடைக்கச் செய்தாலும் வேகம் கூடுவது சுமார் 26 சதவீதம்தான். கூலர் வாங்கியவர்களில் சிலர் "பிரமாதம்" என்பதும் சிலர் "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் இந்த விதியால்தான். அந்த 26 சதவீதம், ஒருவருக்குத் தடுமாறும் ஆட்டத்தைச் சீராக்கப் போதுமாக இருக்கும்; இன்னொருவருக்குக் கண்ணிலேயே படாது.

வெறும் விசிறி

விசிறி மட்டும் உள்ள கூலர், போனின் முதுகில் ஓரிடத்தில் காற்றை வீசுகிறது. காற்று படும் இடம் 40 சதுர செ.மீ. என்றும், அங்கே வெப்பம் வெளியேறும் வீதம் நான்கு மடங்காகிறது என்றும் கொண்டால், போனின் மொத்தத் திறன் டிகிரிக்கு 0.24 வாட்டிலிருந்து 0.36 வாட்டாக உயரும். அதே 32 டிகிரி அறையில் வெளியேற்றக்கூடிய வெப்பம் 2.9 வாட்டிலிருந்து 4.3 வாட் ஆகும். சிப்பின் பங்கு 1.7-இலிருந்து 3.1 வாட். மும்மடி விதிப்படி வேகம் ஏறத்தாழ 22 சதவீதம் கூடும். நொடிக்கு 45 ஃப்ரேமுக்கு விழுந்திருந்த ஆட்டம் 55 ஃப்ரேமில் நிற்கும். இது நல்ல முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இதே கணக்கை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கூலரே இல்லாமல், 24 டிகிரி வைத்த ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தால் இடைவெளி 12 டிகிரியிலிருந்து 20 டிகிரி ஆகிறது. 20-ஐ 0.24-ஆல் பெருக்கினால் 4.8 வாட். விசிறி கூலர் தந்ததைவிட அது அதிகம். மேசை விசிறியைப் போனை நோக்கித் திருப்பி வைத்தாலும், கிளிப் விசிறி ஓரிடத்தில் செய்வதை அது போனின் முழு உடலுக்கும் செய்யும். வீட்டில் உட்கார்ந்து ஆடுபவர்கள் காசு செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் முயன்று பார்த்துவிடுவது நல்லது.

விசிறியால் எதையும் சுற்றுக் காற்றைவிடக் குளிராக்க முடியாது என்பது அதன் நிரந்தர எல்லை. மே மாத நடுப்பகலில் அறையின் வெப்பநிலை 38 டிகிரி என்றால், 44 டிகிரி எல்லைக்கு இடையே மிஞ்சுவது 6 டிகிரி மட்டுமே. விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியேறும் வெப்பம் பாதியாகிவிடும். அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது குறைவாக உதவுகிறது.

பெல்டியே தட்டு

1834-இல் ஷான் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒன்றைக் கவனித்தார். கடிகாரத் தொழிலிலிருந்து இயற்பியலுக்கு வந்தவர் அவர். இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சேர்க்கை குளிர்கிறது, மற்றொன்று சூடாகிறது. இன்றைய கூலர்களில் இருக்கும் தட்டு அதன் வழிவந்ததே. இரண்டு மெல்லிய பீங்கான் தகடுகளுக்கு இடையே பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைகடத்தியால் ஆன சின்னச் சின்னக் கட்டிகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் கொடுத்ததும் ஒரு தகடு வெப்பத்தை உறிஞ்சி மறு தகட்டுக்குத் தள்ளும். குளிர்ந்த பக்கம் போனின் முதுகோடு ஒட்டியிருக்கும். சூடான பக்கத்தில் அலுமினியத் துடுப்புகள் இருக்கும். அவற்றின் மேல் விசிறி காற்றை ஓட்டும்.

சுற்றுக் காற்றைவிடக் குளிராக முடியும் என்பதுதான் இதன் பலம். அறை 32 டிகிரியில் இருந்தாலும் தட்டை 20 டிகிரிக்கு இறக்க முடியும். 4 செ.மீ. சதுரமான தட்டு 20 டிகிரியில் இருந்து, போனின் உட்புறம் 44 டிகிரியில் இருந்தால், அந்த 24 டிகிரி வித்தியாசம் ஒரு சாதாரணப் போனின் முதுகு வழியாகச் சுமார் நான்கரை வாட்டை இழுக்கும். போன் தானாக விடும் வெப்பத்தோடு சேர்த்தால் மொத்தம் ஏழு வாட்டை ஒட்டி வரும். சிப்பின் பங்கு 5.8 வாட். முன்பு 1.7 வாட்டில் 45 ஃப்ரேமுக்குத் தவித்த ஆட்டம், இப்போது 60 ஃப்ரேம் என்ற தன் உச்சவரம்பில் அசையாமல் நிற்கும். வேகத்தைக் காப்பாற்றித் தருமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய கூலர் இதுதான்.

அதற்கு விலையும் உண்டு. 5 வோல்ட், 2 ஆம்பியரில் ஓடும் பெல்டியே கூலர் 10 வாட் மின்சாரத்தைத் தின்கிறது. போனிலிருந்து இழுத்த நான்கரை வாட்டோடு அந்தப் பத்து வாட்டும் சேர்ந்து, மொத்தம் பதினான்கரை வாட் வெப்பத்தைச் சூடான பக்கத் துடுப்புகள் காற்றில் விட்டாக வேண்டும். துடுப்புகளுக்கு இடையே தூசு அடைத்துக்கொண்டாலோ, விரல்கள் காற்று வெளியேறும் வழியை மறைத்தாலோ சூடான பக்கம் மேலும் சூடேறும். அந்தச் சூடு தட்டின் ஊடாகவே குளிர்ந்த பக்கத்துக்குத் திரும்பி வரும். கூலர் ஓடிக்கொண்டிருக்கும், விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும், ஆனால் போன் குளிராது. பத்து நிமிடம் ஓடியபின் கூலரைக் கழற்றித் தட்டைத் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சில்லென்று இருக்க வேண்டிய தட்டு வெதுவெதுப்பாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் சூடான பக்கத்தில்தான்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கூலரைப் போனிலேயே விட்டுவைப்பது தவறு. துடுப்புகளில் தேங்கிய வெப்பம் அந்த மெல்லிய தட்டைக் கடந்து போனுக்குள்ளேயே இறங்கும். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

நடுவில் நிற்பவை

மேலே சொன்ன நான்கரை வாட் ஏன் நாற்பது வாட்டாக இல்லை? காரணம், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் அடுக்குகள். வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரம் 400 என்றால் அலுமினியம் 200-ஐ ஒட்டியும் கண்ணாடி 1-ஐ ஒட்டியும் நிற்கும். மென்மையான பிளாஸ்டிக் கவர் 0.2. அசையாத காற்று 0.026. அதாவது வெப்பத்தின் வழியில் குறுக்கே நிற்பவற்றில் மிக மோசமானது வெறும் காற்று. போனின் பின்கண்ணாடிக்கும் அதனடியில் உள்ள கிராஃபைட் தாளுக்கும் நடுவே 0.2 மி.மீ. காற்று இடைவெளி இருந்தால், மேலே கணக்கிட்ட தடையில் பெரும்பகுதி அந்த ஒரு தாள் தடிமன் காற்றால் வருவது. அரை மில்லிமீட்டருக்கும் கூடுதலான கண்ணாடி அதில் பத்தில் ஒரு பங்குத் தடையைக்கூடத் தருவதில்லை.

பேக் கவரைக் கழற்றாமல் கூலரை மாட்டுவது எவ்வளவு வீண் என்பதும் இதிலிருந்தே தெரியும். ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பர் கவர், அந்தக் காற்று இடைவெளிக்குச் சமமான இன்னொரு தடையைச் சேர்த்துவிடும். நான்கரை வாட் பாதியாகிவிடும். கூலரின் பக்கம் தட்டு பனிக்கட்டி போல் இருக்கும், போனின் பக்கம் சூடு அப்படியே இருக்கும். வாங்கிய புதிதில் "இது வேலையே செய்யவில்லை" என்று திருப்பி அனுப்பப்படும் கூலர்களில் சில, கவரின் மேல் மாட்டப்பட்டவையாகவே இருக்கும்.

அடுத்தது இடம். பெரும்பாலான போன்களில் சிப் மேல்பகுதியில், கேமராவை ஒட்டி இருக்கும். நடுப்பகுதி முழுக்க பேட்டரி. கவ்வி வசதியாக உட்காருவது நடுவில்தான்; அங்கே மாட்டினால் குளிர்வது பேட்டரி. சிப்பிலிருந்து வரும் வெப்பம், ஆவி அறை எனப்படும் தட்டையான தாமிரப் பை வழியாகவும் கிராஃபைட் தாள் வழியாகவும் பரவி நடுப்பகுதிக்கு வருவதால் பலன் முற்றிலும் இல்லாமல் போவதில்லை, ஆனால் குறையும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கூலர் இல்லாமல் பதினைந்து நிமிடம் ஆடிவிட்டு, போனின் முதுகை விரல் நுனியால் தடவிப் பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடம் மற்ற இடங்களைவிடத் தெளிவாகச் சுடும். தட்டின் மையம் அங்கே வர வேண்டும். கேமரா மேடு இடறினால், இடறாத அளவுக்கு முடிந்தவரை அருகே வைக்க வேண்டும்.

கேமிங் போன்கள் இந்தச் சிக்கலை வடிவமைப்பிலேயே தீர்க்க முயன்றிருக்கின்றன. 2021-இல் வந்த ஆர்ஓஜி போன் 5-இல் 6000 எம்ஏஎச் பேட்டரி 3000 வீதம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரு பக்கமும் தள்ளப்பட்டது; சிப் போனின் நடுவுக்கு வந்தது. படுக்கவைத்துப் பிடித்து ஆடும்போது விரல்கள் படாத இடமும் அதுதான், கூலர் உட்காரும் இடமும் அதுதான். 2022-இன் ஆர்ஓஜி போன் 6டி அல்டிமேட் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் கூலரை மாட்டியதும் போனின் முதுகில் ஒரு சிறு கதவு திறந்து, விசிறியின் காற்று உள்ளே உள்ள உலோகத் துடுப்புகளின் மேலேயே பாயும். கண்ணாடியையும் காற்று இடைவெளியையும் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி அது. பொதுக் கூலரை எந்தப் போனில் மாட்டினாலும் இந்த வசதி கிடைக்காது.

சூடு குறையாமலே வேகம் கூடும்

கூலர் மாட்டியபின் சிப்பின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு "ஐந்து டிகிரிகூடக் குறையவில்லையே" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கூலர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். கூலரால் தோலின் வெப்பநிலை இறங்கியதும் மென்பொருள் தடையைத் தளர்த்துகிறது. சிப் வேகமெடுக்கிறது, கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. மிச்சமான குளிர்ச்சியைப் போன் வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறது. வெப்பமானி பழைய எண்ணைக் காட்டும், ஃப்ரேம்கள் கூடியிருக்கும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் டிகிரிக் கணக்குகளை நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். தட்டு மட்டும் தனியாக எட்டும் குளிர்ச்சி, சிப் அடையும் குளிர்ச்சி அல்ல என்பது மற்றொரு காரணம்.

அதனால் கூலரைச் சோதிக்க வெப்பநிலையைவிட வேகத்தை அளப்பதே சரி. த்ரீடிமார்க் செயலியில் உள்ள வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இதற்கு ஏற்றது. ஒரு நிமிடக் காட்சியை இருபது முறை தொடர்ந்து ஓட்டி, மிக உயர்ந்த சுற்றின் மதிப்பெண்ணையும் மிகத் தாழ்ந்த சுற்றின் மதிப்பெண்ணையும் அது தரும். கூலர் இல்லாமல் ஒரு முறை, கூலரோடு ஒரு முறை. இரண்டுக்கும் அறை, திரை வெளிச்சம் ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜர் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது சோதனைக்கு முன் போன் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். ஆறியதா என்பதைக் கணினியோடு இணைத்து இந்தக் கட்டளைகளால் பார்க்கலாம்:

```
adb shell dumpsys battery
adb shell dumpsys thermalservice
```

முதல் கட்டளை தரும் temperature வரியில் 385 என்று வந்தால் பேட்டரி 38.5 டிகிரியில் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது கட்டளை, ஆண்ட்ராய்டு 10 முதல், Thermal Status என்ற எண்ணைத் தரும். 0 என்றால் தடை எதுவும் இல்லை. எண் ஏற ஏறப் போன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. 6 என்றால் அணைந்துவிடும் நிலை.

உதாரணமாக, கூலர் இல்லாமல் முதல் சுற்றில் 10,000-உம் கடைசியில் 5,800-உம், கூலரோடு முதல் சுற்றில் 10,100-உம் கடைசியில் 8,200-உம் வந்தால், ஒப்பிட வேண்டியது 5,800-ஐயும் 8,200-ஐயும். முதல் சுற்றுகள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உச்ச வேகத்தைக் கூட்டுவது கூலரின் வேலை அல்ல. தாழ்ந்த மதிப்பெண்ணில் பத்து சதவீதம்கூட ஏறவில்லை என்றால் கூலர் சரியான இடத்தில் இல்லை, அல்லது அந்தப் போனுக்கு அது தேவையே இல்லை.

கூலர் எட்டாத இடங்கள்

தேவையே இல்லாத நிலை அரிதல்ல. நடுத்தர விலைப் போனில் 40 ஃப்ரேம் என்று பூட்டப்பட்ட ஆட்டம் கடைசிவரை 40-இலேயே ஓடினால், அங்கே வெப்பத் தடை இல்லை. கூலருக்கும் வேலை இல்லை. சில நேரம் தடை இருக்கும், ஆனால் அது வெப்பத்தால் வந்ததாக இருக்காது. 2022 மார்ச்சில் சாம்சங்கின் கேலக்ஸி போன்களில் இருந்த ஒரு சேவை, செயலிகளின் பெயரைப் பார்த்து வேகத்தைக் குறைத்ததாக எழுந்த சர்ச்சையில், கீக்பெஞ்ச் தன் மதிப்பெண் பட்டியலிலிருந்து எஸ்10 முதல் எஸ்22 வரையான போன்களை நீக்கியது. பெயரைப் பார்த்து வரும் தடையை எந்தக் குளிரூட்டியாலும் நீக்க முடியாது. பின்னர் வந்த மென்பொருள் அப்டேட்தான் நீக்கியது. இணையத்தின் பிங் உயர்வதால் வரும் தடுமாற்றமும் அப்படியே. போன் குளிர்ந்தாலும் அது போகாது.

சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுவது கூலரின் உழைப்பைப் பாழாக்கும். வேகச் சார்ஜிங்கில் பேட்டரியும் சார்ஜிங் சுற்றும் உண்டாக்கும் வெப்பம், சிப்பின் வெப்பத்தோடு சேர்ந்துகொள்ளும். சில போன்களில் பைபாஸ் சார்ஜிங் வசதி உண்டு. பேட்டரியைத் தொடாமல், சார்ஜரின் மின்சாரத்தை நேரே போனை ஓட்டப் பயன்படுத்துவது அது. இருந்தால் அதை இயக்கியே ஆக வேண்டும். கூலருக்கான மின்சாரத்தை அதே போனிலிருந்து எடுக்காமல் தனிப் பவர் பேங்கிலிருந்து எடுப்பதும் இதனால்தான் நல்லது.

கடைசியாக, ஈரம். கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்துமுத்தாகக் கோப்பது போலத்தான். சென்னையின் செப்டம்பர் மாலைகளில் இந்த நிலை சாதாரணம். பெல்டியே தட்டு 20 டிகிரிக்கு இறங்கினால் அதன் ஓரங்களில் நீர் கோக்கும்; துடைத்தால் போயிற்று. கவலைக்குரியது போனின் கண்ணாடிக்கு உட்பக்கம். ஆட்டம் நடக்கும்போது உள்ளிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் கண்ணாடி அவ்வளவு குளிராது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு கூலரை மட்டும் ஓடவிட்டால், வெப்பம் வருவது நின்று கண்ணாடி மளமளவென்று குளிரும், உள்ளே சிக்கிய ஈரக் காற்று அங்கே படியும். போன் ஓய்வில் இருக்கும்போது பெல்டியே கூலரை ஓடவிடக் கூடாது. தட்டின் வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கூலர், முழு வேகத்தில் மட்டுமே ஓடும் கூலரைவிடப் பாதுகாப்பானது.

ஏசி அறையில், கவர் இல்லாமல், அரைமணி நேரம் ஆடுபவருக்கு எந்தக் கூலரும் தேவைப்படாது. வெக்கையான அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கனமான ஆட்டம் ஆடுபவருக்கு வெறும் விசிறி ஓரளவு உதவும். மேசை விசிறி இருந்தால் அதுவும் வேண்டாம். வேகம் கடைசிவரை இறங்காமல் நிற்க வேண்டும் என்பவருக்கு, சிப் இருக்கும் இடத்தில் கவரைக் கழற்றி மாட்டிய, தனி மின்சாரத்தில் ஓடும் பெல்டியே கூலர் ஒன்றே அதைச் செய்துதரும்.